ஒரே அனுபவத்தைப் பற்றிய கட்டுரையில் எதையெல்லாம் விடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதுகிறவர்கள் தங்கள் வரைவை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்பது வழக்கம். பெரும்பாலான வரைவுகளில் குறை எழுத்தில் இருப்பதில்லை. மூன்று கட்டுரைகளுக்கான சரக்கை ஒன்றிலேயே போட்டு அடைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அதைச் சொன்னதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நடந்தது நடந்தபடி எழுதினால்தானே உண்மை? எதற்கு வெட்டணும்?

நடந்ததை முழுக்க யாராலும் எழுத முடியாது. நேற்று ஒரு மணி நேரத்தில் நடந்ததை எழுத உட்கார்ந்தாலே நீங்கள் பாதிக்கு மேல் விட்டிருப்பீர்கள், அறையில் மின்விசிறி ஓடியதையோ எந்தக் கையால் கதவைத் திறந்தீர்கள் என்பதையோ எழுதியிருக்க மாட்டீர்கள். ஆக, விடுவது ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைத் தெரிந்து செய்கிறோமா, நினைவுக்கு வந்த வரிசையில் அதுபாட்டுக்கு நடக்கட்டும் என்று விட்டுவிடுகிறோமா என்பதுதான் வித்தியாசம்.

விட்டால் பொய்யாகிவிடும் இடங்களும் உண்டு. அதற்குத் தனியாகக் கீழே பதில் இருக்கிறது.

என் கட்டுரையில் அந்த 'ஒரு அனுபவம்' எதுன்னு எனக்கே தெரியலையே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அனுபவத்தைத் தலைப்பாக யோசிக்காதீர்கள். 'என் அறுவை சிகிச்சை', 'அப்பாவின் கடைசி நாட்கள்' என்பதெல்லாம் தலைப்பு, அவற்றுக்குள் எது வேண்டுமானாலும் அடங்கும் என்பதால் எதையும் வெளியே தள்ள அவை உதவாது. அதற்குப் பதிலாக, அந்த நாட்களில் உங்களுக்கே புரியாமல் போன ஒரு செயலை, அல்லது எதிர்பாராமல் வந்த ஓர் உணர்ச்சியைத் தேடுங்கள். 'நான் ஏன் அப்படிச் செய்தேன்?' என்று இன்றும் கேட்கத் தோன்றுகிற இடம். அதை ஒரே ஒரு கேள்வி வாக்கியமாக எழுதித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரைக்குள் அது வரவேண்டியதில்லை, வெட்டும்போது பக்கத்தில் இருந்தால் போதும்.

அந்த வாக்கியத்தில் 'மேலும்', 'அதோடு' என்று வந்தால் உங்களிடம் இருப்பது இரண்டு அனுபவம்.

எழுதுறதுக்கு முன்னாடியே தேர்ந்தெடுக்கணுமா, எழுதிட்டு வெட்டணுமா?

எழுதிவிட்டு வெட்டுங்கள். முதல் வரைவில் எல்லாம் வரட்டும், ஏனென்றால் மேலே சொன்ன அந்தப் புரியாத இடம் பெரும்பாலும் முதல் வரைவின் கடைசிப் பகுதியில்தான் எட்டிப்பார்க்கும். கை சூடேறின பிறகு, முடிக்கப் போகிறோம் என்று நினைக்கிற நேரத்தில், போகிறபோக்கில் ஒரு வரியாக விழும். முதலிலேயே தேர்ந்தெடுத்து எழுதினால் அந்த வரி வராமலே போய்விட வாய்ப்பு அதிகம். கண்டிப்பான பக்க அளவும் கெடு தேதியும் இருப்பவர்கள் மட்டும் கேள்வி வாக்கியத்தை முதலில் எழுதிவிட்டுத் தொடங்கலாம்.

பொதுவாச் சொன்னா புரியலை. ஒரு கட்டுரையை எடுத்து எதை வெட்டினாங்க, எதை வெச்சாங்கன்னு காட்டுங்களேன்.

ஓர் ஆசிரியை எழுதியது. அவருடைய குரல் நாணில் முடிச்சு, அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டு ஒரு வாரம் பேசவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கிசுகிசுப்பதும் கூடாது, அதுவும் குரல் நாணுக்கு வேலைதான். முதல் வரைவில் இருந்தவை: பல வருடம் வகுப்பறையில் கத்திக் குரல் கம்மிய கதை, மருத்துவர் மாற்றி மருத்துவர் பார்த்தது, விடுப்புக் கேட்டபோது தலைமை ஆசிரியரோடு நடந்த வாக்குவாதம், அறுவை அறை, மயக்க மருந்து, பேசாத அந்த வாரம், அதில் மகள், அம்மா, ஒரு நோட்டுப் புத்தகம், பிறகு குரல் பயிற்சி, கடைசியில் மைக்கோடு வகுப்புக்குத் திரும்பியது.

பேசாத வாரத்தில் ஒரு விஷயம் இருந்தது. ஊரில் இருக்கும் அம்மா தினமும் போன் செய்வார், அம்மாதான் பேசுவார், இவர் நகத்தால் போனைத் தட்டிப் பதில் சொல்வார். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. ஒரு வாரம் முடிந்து, பேசலாம் என்று மருத்துவர் சொல்லி, வீட்டுக்கு வந்த அன்று மாலையும் அம்மாவின் அழைப்பு வந்தது. எடுத்தார். அம்மா 'இன்னைக்குப் பேசலாம்னு சொல்லிட்டாங்களா?' என்று கேட்க, இரண்டு தட்டுத் தட்டினார். இது முதல் வரைவில் ஒரே ஒரு வரி, அதுவும் குரல் பயிற்சிப் பத்திக்கு நடுவில். அதைச் சுட்டிக்காட்டியதும் 'அட, இதை ஏன் செய்தேன்னு எனக்கே தெரியலை' என்றார். கேள்வி வாக்கியம் கிடைத்துவிட்டது: பேச அனுமதி வந்த பிறகும் நான் ஏன் பேசவில்லை?

இதை வைத்துக்கொண்டு பார்த்தால் மருத்துவர்களைத் தேடி அலைந்தது முழுக்கப் போகிறது, குரல் பயிற்சியும் மைக்கும் போகின்றன. வகுப்பறைக் கத்தல் இரண்டு பக்கத்திலிருந்து ஒரே வாக்கியமாகச் சுருங்குகிறது, ஆனால் நிற்கிறது, ஏனென்றால் ஓயாமல் பேசியே வாழ்ந்தவர் இவர் என்று தெரியாவிட்டால் அந்த இரண்டு தட்டுக்குக் கனமே இருக்காது. அறுவை அறையில் ஒரே ஒரு கணம் மிஞ்சியது: கண் விழித்ததும் ஏதோ கேட்க வாயெடுத்தவரைப் பார்த்து நர்ஸ் தன் உதட்டில் விரல் வைத்தது. நோட்டுப் புத்தகம் அப்படியே இருந்தது, சொல்லப்போனால் வளர்ந்தது. 'போதும்' என்று இவர் அதில் எழுதிக் காட்டினால் மகள் அதை அதட்டலாக வாசிப்பாளாம், இவர் சாதாரணமாகத்தான் எழுதியிருப்பார். தன் குரல் வீட்டில் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியவந்தது அப்போதுதான். முதல் வரைவில் இதுவும் இரண்டு வரிதான், இரண்டாவதில் ஒரு முழுப் பக்கம்.

கவனித்தீர்களா, வெட்டியதும் கட்டுரை ஒன்றும் பாதியாகிவிடவில்லை. போன இடத்தில் வேறு வளர்ந்தது.

ஒரு பத்தி தேவையா இல்லையான்னு படிக்கும்போதே தெரிஞ்சுக்க ஏதாவது அடையாளம் இருக்கா?

இருக்கிறது, நாமே காட்டிக்கொடுத்துவிடுகிறோம். 'அது இருக்கட்டும்', 'சரி, விஷயத்துக்கு வருவோம்', 'இதை ஏன் சொல்கிறேன் என்றால்' போன்ற தொடர்களை வரைவில் தேடுங்கள். விஷயத்துக்கு வருவோம் என்று எழுதினால் அதற்கு முன்னால் இருந்தது விஷயம் இல்லை என்று எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது. அப்புறம், ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போகிற பெயர்கள். பெயர் வைத்தால் இந்த ஆள் திரும்ப வருவார் என்று வாசகர் காத்திருப்பார். வரவில்லை என்றால் 'பக்கத்து வீட்டுக்காரர்' போதும், பல நேரம் அவரும் வேண்டாம்.

இன்னொரு சோதனை கொஞ்சம் பொறுமை கேட்கும். சந்தேகமான பத்தியை மறைத்துவிட்டு, அதற்குப் பிறகு வரும் எல்லாவற்றையும் படியுங்கள், அடுத்த பத்தியோடு நிறுத்திவிடாமல் கடைசி வரை. எங்காவது ஒரு வரி புரியாமல் இடறினாலோ, ஒரு வரி சப்பென்று ஆனாலோ அந்தப் பத்தி எதையோ தாங்கிக்கொண்டிருக்கிறது. எதுவும் அசையவில்லை என்றால் எடுத்துவிடலாம். ஆசிரியை கட்டுரையில் மருத்துவர்கள் பகுதியை எடுத்தபோது பின்னால் ஒரு சொல்கூட மாற்றவேண்டி வரவில்லை.

முன்கதை எவ்வளவு சொல்லணும்? சொல்லலைன்னா வாசகருக்குப் புரியாதே.

வாசகருக்கு நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே தேவைப்படும், அதுவும் நாம் நினைப்பதைவிடத் தாமதமாகவே தேவைப்படும். முதல் பக்கத்திலேயே குடும்பம், வேலை, நோயின் வரலாறு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அனுபவத்துக்குள் போவது பழக்கதோஷம். முன்கதையை, அது இல்லாமல் அடுத்த வரி புரியாது என்கிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டே போங்கள். அப்படித் தள்ளும்போது பாதி முன்கதைக்கு உட்கார இடமே கிடைக்காது. அந்தப் பாதி வேண்டாதது.

மிஞ்சுவதை ஒரு வாக்கியத்துக்குள்ளோ ஒரு துணைத்தொடருக்குள்ளோ நுழைக்கப் பாருங்கள். 'நான் ஓர் ஆசிரியை. என் குரல் சத்தமானது. கடைசி பெஞ்ச் வரை கேட்கவேண்டும் என்பதால்...' என்று விரிக்காமல், 'கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரியே வீட்டிலும் பேசிப் பழகிய எனக்கு' என்று போனால் வேலையும் தெரிகிறது, வீடும் தெரிகிறது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பத்தியை எடுக்கச் சொல்றாங்க. படிச்ச எல்லாரும் அதைத்தான் பாராட்டினாங்க!

பாராட்டை விடுங்கள், அந்தப் பத்தி முடிந்த பிறகு அடுத்த பக்கத்தைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா? ஆசிரியையின் தலைமை ஆசிரியர் வாக்குவாதம் அப்படித்தான், சூடான உரையாடல், நியாயம் முழுக்க இவர் பக்கம், படித்தவர்கள் எல்லோரும் கொதித்தார்கள். கொதித்தவர்கள் அப்புறம் வந்த அம்மாவின் அழைப்பை அவசரமாகத் தாண்டிப் போனார்கள், ஏனென்றால் அந்தச் சண்டை என்ன ஆயிற்று என்பதிலேயே அவர்கள் மனம் நின்றுவிட்டது. கோபம், அதிலும் நியாயமான கோபம், கட்டுரையில் இருக்கிற மெல்லிய விஷயங்களை எல்லாம் விழுங்கிவிடும். அதற்குத் தனிக் கட்டுரை எழுதவேண்டியதுதான், நன்றாகவே வரும்.

வெட்ட மனம் வராவிட்டால் வேறு கோப்பில் ஒட்டி வையுங்கள். நான் பார்த்தவரை அந்தக் கோப்பை யாரும் திரும்பத் திறப்பதில்லை, ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில் கை வெட்டத் துணியும்.

அந்த நேரத்துல கூடவே இருந்த ஆட்களை எப்படி விடுறது? என் அக்கா தன்னைப் பத்தி ஒரு வரி இல்லைன்னு பார்த்தா வருத்தப்படுவா.

வருத்தப்படத்தான் செய்வார். அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் நேரில் சொல்லுங்கள், கட்டுரை அதற்கான இடம் இல்லை. ஒருவர் உங்களுக்கு எவ்வளவு செய்தார் என்பதும், உங்கள் கேள்வி வாக்கியத்துக்கு அவர் எவ்வளவு தேவை என்பதும் வேறு வேறு கணக்கு. ஆசிரியையின் கணவர் அந்த வாரம் முழுக்க வீட்டைப் பார்த்துக்கொண்டார், கட்டுரையில் அவர் ஒரே வாக்கியத்தில் வருகிறார். எங்கோ இருந்து போனில் மட்டும் பேசிய அம்மா கட்டுரை முழுக்க இருக்கிறார்.

ஒரே வேலையை இரண்டு பேர் செய்தால் இன்னொரு வழியும் தோன்றும்: இருவரையும் சேர்த்து ஒருவராக்கிவிடலாமே என்று. புனைகதையில் செய்யலாம். உண்மை அனுபவம் என்று சொல்லி எழுதுகிற இடத்தில் நான் அதற்கு உடன்படுவதில்லை, ஒருவரை விட்டுவிடுவதுதான் நேர்மையானது.

விடலாம் விடலாம்னு சொல்றீங்க, எந்த இடத்துல அது பொய்யாகும்?

அங்கே இருந்த ஒருவர் உங்கள் கட்டுரையைப் படிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். 'இதையும் சொல்லியிருக்கலாமே' என்றால் பரவாயில்லை, அது அவருடைய ஆசை. 'இதைச் சொல்லாமல் விட்டால் கதையே வேற ஆகிடுதே' என்றால் நீங்கள் விட்டது தேவையான ஒன்று. பெரும்பாலும் இப்படி விடுபடுவது நம்மைக் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிற விஷயமாகவே இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஆசிரியை விஷயத்தில் அப்படி ஒன்று இருந்தது. அறுவைக்கு முந்தைய வாரம் அம்மாவிடம் போனில் கடுமையாகப் பேசியிருக்கிறார், அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அடுத்த நாளும் கூப்பிட்டிருக்கிறார். முதல் வரைவில் இது கிடையாது. இது இல்லாமல் படித்தால் இரண்டு தட்டு என்பது செல்லமான ஒரு குறும்பு மாதிரித் தெரியும். இதோடு படித்தால், பேசினால் மறுபடி அந்தக் குரல் வந்துவிடுமோ என்ற பயமும் அதில் இருப்பது தெரிகிறது. ஆக, ஒரே அனுபவத்தில் நிற்பதற்காக வெட்டிக்கொண்டே வந்த கட்டுரையில், அதே காரணத்துக்காக ஒன்றைப் புதிதாகச் சேர்க்கவேண்டி வந்தது.

சொல்லவே முடியாத ஒண்ணு நடுவுல இருக்கு. அதை விட்டுட்டு மத்ததை எழுதலாமா?

அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓரத்தில் இருந்தால் விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. நடுவில் இருந்தால் தெரிந்துவிடும்: அந்த இடம் வரும்போது மட்டும் வாக்கியங்கள் பொதுவாகிவிடும், 'அப்போது சில விஷயங்கள் நடந்தன' என்று ஒரு வரி வரும், அதுவரை மணிக்கணக்கில் நகர்ந்த கட்டுரை திடீரென மாதக்கணக்கில் தாவும். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1932-ல் வெளிவந்த ஒரு நூலில் இதை ஒட்டி ஒரு கருத்தைச் சொல்கிறார்: எழுதுகிறவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை விட்டால் அது இருப்பதை வாசகரால் உணர முடியும், தெரியாததால் விட்டால் எழுத்தில் ஓட்டைதான் விழும். வலிக்கும் என்பதால் நினைத்துப் பார்க்காமலே ஒதுக்கியதும் இந்த இரண்டாவது வகைக்குள்தான் சேரும் என்பது என் எண்ணம்.

அதனால் முதலில் அதை உங்களுக்காக மட்டும் முழுக்க எழுதிப் பாருங்கள், யாருக்கும் காட்டவேண்டாம். எழுதிய பிறகு எடுத்துவிட்டாலும் மீதிக் கட்டுரை வேறு மாதிரி நிற்கும். இன்னொரு வழி, 'இதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை' என்று நேராகச் சொல்லிவிடுவது. ஒரு தடவை சொன்னால் வாசகர் மதிப்பார், இரண்டாம் தடவை சொன்னால் எரிச்சலாவார். எழுதவும் முடியவில்லை, ஒதுக்கவும் முடியவில்லை என்றால் அந்தக் கட்டுரையை இப்போதைக்கு வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுங்கள்.

என் அனுபவம் ரெண்டு காலத்துல நடந்தது, சின்ன வயசுல ஒண்ணு, போன வருஷம் ஒண்ணு. பிரிக்கவே முடியாது. இதுக்கும் ஒண்ணுதானா?

கேள்வி வாக்கியம் ஒன்றாக இருந்தால் காலம் இரண்டாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் சமமாக இடம் கொடுத்தால் கட்டுரை நடுவில் முறிந்துவிடும். ஒன்றை முழுக்க நடத்திக் காட்டுங்கள், மற்றதை நினைவாக இரண்டு மூன்று இடங்களில் மட்டும் வரவிடுங்கள். எது முழுக்க வரவேண்டும் என்று குழப்பமாக இருந்தால், எந்தக் காலத்தில் உங்களுக்குப் பதில் தெரியாமல் இருந்ததோ அது. பதில் தெரிந்துவிட்ட காலத்தை முதன்மையாக வைத்தால் கட்டுரை விளக்க உரையாகிவிடுகிறது.

மறைத்துப் படிக்கும் சோதனையை இங்கே காலத்துக்கே செய்து பார்க்கலாம். சிறுவயதுப் பகுதி முழுவதையும் மறைத்துவிட்டு, போன வருடத்தை மட்டும் படியுங்கள். அது தானாக நின்றால் நீங்கள் 'பிரிக்கவே முடியாது' என்று நினைத்தது உங்கள் மனத்தில் மட்டும் இருக்கிற பிணைப்பு, எழுதிய பக்கத்தில் அது இல்லை.

கட்டுரைங்கிற வடிவத்தைத் தொடங்கினவரா சொல்ற மோன்தேன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கிட்டே போனாரே. அவருக்கு இல்லாத விதி எனக்கு மட்டுமா?

நல்ல கேள்வி. 1580-ல் முதலில் வெளியிட்ட கட்டுரைகளை 1588 பதிப்பில் விரித்தார், அதன் பிறகும் இறக்கும் வரை அச்சிட்ட பக்கத்தின் ஓரங்களில் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார், தான் சேர்ப்பதுண்டு, திருத்துவதில்லை என்று அவரே எழுதியும் இருக்கிறார். ஆனால் அவர் எழுதியது ஓர் அனுபவத்தை அல்ல. ஒரு பொருளைச் சுற்றித் தன் மனம் எப்படி அலைகிறது என்பதைத்தான் எழுதினார். அங்கே கிளைகள்தான் கட்டுரை. நீங்களும் அதை எழுதுவதானால் இந்தப் பக்கத்தில் பாதி உங்களுக்குப் பொருந்தாது, தாராளமாக அலையுங்கள்.

ஒரே ஒரு இரவையோ ஒரு வாரத்தையோ எழுதிக்கொண்டு, நடுவில் அலைந்துவிட்டு மோன்தேனைத் துணைக்குக் கூப்பிடுவதுதான் சரிவராது.

வெட்டு வெட்டுன்னு வெட்டிட்டேன், இப்போ படிச்சா அறிக்கை மாதிரி வறண்டு கிடக்கு. என்ன தப்பு?

தவறான சரக்கை வெட்டியிருப்பீர்கள். சுருக்கச் சொன்னதும் பலர் சம்பவங்களை எல்லாம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் இருக்கிற சின்னச்சின்ன விவரங்களை எடுத்துவிடுகிறார்கள். பத்து சம்பவமும் மிஞ்சும், பத்தும் எலும்பாக மிஞ்சும். மாற்றிச் செய்யுங்கள், முழுச் சம்பவங்களை எடுத்துவிட்டு, இருக்கிற இரண்டு மூன்றில் விவரத்தைத் தொடாமல் விடுங்கள். நகத்தால் தட்டியது, ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை என்பதெல்லாம் போய் 'அம்மாவோடு சைகையில் பேசினேன்' என்று ஆகியிருந்தால் அந்தக் கட்டுரையே இல்லை.

கடைசிப் பத்தியில இதனால நான் கத்துக்கிட்டது என்னன்னு எழுதலாமா?

எழுதுங்கள், எழுதிவிட்டு மறைத்துப் படியுங்கள். பத்துக்கு எட்டுக் கட்டுரை அதற்கு முந்தைய பத்தியிலேயே முடிந்திருக்கும். ஆசிரியையும் மௌனத்தின் அருமை பற்றி ஒரு பத்தி வைத்திருந்தார், அதை எடுத்துவிட்டார்.

முடிஞ்சுதான்னு யாரிடம் கேட்கிறது? வீட்டுல கேட்டா எல்லாமே நல்லாருக்குங்கிறாங்க.

உங்கள் அனுபவம் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள், நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அடுத்த நாள், கட்டுரை கையில் இல்லாதபோது, 'அதில் என்ன நடந்தது?' என்று மட்டும் கேளுங்கள். முதல் இரண்டு வாக்கியத்தில் அவர் சொல்வதுதான் உங்கள் கட்டுரை. அது உங்கள் கேள்வி வாக்கியத்துக்குப் பக்கத்திலாவது வந்தால் போதும். வேறு எதையோ சொல்லத் தொடங்கினால், அவர் முதலில் சொன்ன அந்தச் சம்பவத்தைத்தான் அடுத்து மறைத்துப் படிக்கவேண்டும்.